எண்ணெய்க் குளியல்: எந்தப் பருவத்துக்கு எந்த எண்ணெய், தோல் ஏன் கோபிக்கிறது, தரை ஏன் வழுக்குகிறது (தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு)

உடம்புக்கு எவ்வளவு எண்ணெய் எடுக்கணும்? பாட்டி ஆழாக்குக் கணக்கு சொல்றாங்க.

ஓர் ஆழாக்கு என்பது ஏறக்குறைய 168 மில்லி. அது ஒரு வீட்டில் மூன்று பேர் குளிக்கப் போதும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பனிக்காலத்தில் உடம்புக்கு 45 மில்லி, அதாவது மூன்று மேசைக்கரண்டி. வெயில் காலத்தில் இரண்டு. தலைக்குத் தனியாக இரண்டு தேக்கரண்டி. நீளமான, அடர்த்தியான கூந்தல் என்றால் இன்னும் ஒன்று.

தோல் ஏற்பது மெல்லிய ஒரு படலம் மட்டும்தான். அதற்கு மேல் ஊற்றுவது முழங்கை வழியாகவும் குதிகால் வழியாகவும் தரைக்குத்தான் போகும். அளவு சரியா என்று கையே சொல்லிவிடும். தேய்த்து முடித்த முன்கையில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் லேசான பிடிப்போடு நகர வேண்டும். சறுக்கிக்கொண்டு ஓடினால் அதிகம், தோல் சுருண்டு இழுபட்டால் குறைவு. எண்ணெய்க் குளியலில் வரும் தொல்லைகள் பலவும் இந்த மீந்த எண்ணெயிலிருந்துதான் தொடங்குகின்றன. அதைப் போக்க ஓங்கித் தேய்க்கும் சோப்பால் தோல் வறள்கிறது. போகாமல் தங்கியது முதுகில் பருவாகிறது. தரையில் விழுந்தது அடுத்து உள்ளே வருபவரை வீழ்த்துகிறது. பாட்டிலிலிருந்து நேராகக் கையில் சாய்க்காமல், கிண்ணத்தில் அளந்து ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

ஆயுர்வேதத்தில் அப்யங்கம்னு சொல்றதும் நம்ம எண்ணெய் முழுக்கும் ஒண்ணா?

ஏறக்குறைய ஒன்றுதான், அழுத்தம் விழும் இடம் வேறு. அப்யங்கம் என்பது வெதுவெதுப்பான எண்ணெயை உடம்பு முழுக்கப் பூசி நிதானமாகத் தேய்த்துவிடுவது. தினமும் செய்யலாம் என்றும், முடியாவிட்டால் தலை, காது, பாதம் மூன்றையாவது விடாதே என்றும் அந்த மரபு சொல்கிறது. நம் முழுக்கில் தலைக்கு எண்ணெய் வைப்பதும் சீயக்காயோ அரப்போ போட்டு முழுகுவதும்தான் முக்கியம். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்று வாரம் ஒருமுறை. வீட்டில் செய்வதற்கு வாரம் ஒருமுறை உடம்பு முழுக்க என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். தினமும் வேண்டுமென்றால் முழங்கால், முன்கை, பாதம் என்று காய்ந்த இடங்களுக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி போதும்.

எந்த மாசத்துக்கு எந்த எண்ணெய்? ஓசூர்ல இருக்கிற தங்கச்சி நல்லெண்ணெய்னு சொல்றா, அரூர்ல நாங்க தேங்காயெண்ணெய்தான் வைக்கிறோம்.

இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதி. மார்கழிக் காலையில் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் இருக்கும் குளிர் அரூரில் இருக்காது. ஆகவே மாதத்தை மட்டும் பார்க்காமல் குளியலறைக்குள் இருக்கும் குளிரையும் பாருங்கள்.

கார்த்திகை முதல் மாசி வரை நல்லெண்ணெய். ஆயுர்வேதம் அதைச் சூடு தருவது என்று வகைப்படுத்துகிறது. அதைத் தவிர ஒரு நேரடிக் காரணமும் உண்டு. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். குளிர்ந்த காலையில் கையில் உருக்கித் தேய்த்தாலும் முதுகில் போய்த் திட்டுத்திட்டாக நிற்கும். பரவாததால் இன்னும் கொஞ்சம் என்று எடுப்போம். தரையில் சிந்தியது குளிர்ந்த கல்லில் மெழுகு போல உறைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். அதன் மேல் வெந்நீர் பட்டவுடன் காலுக்கடியில் உருகும். மலைப்பக்க வீடுகளில் பனிக்காலத் தேங்காயெண்ணெய் நல்லெண்ணெயைவிட வம்பு என்பது இதனால்தான்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை தேங்காயெண்ணெய், அதுவும் குறைவாக. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை வெயிலில் வியர்வை நாளமெல்லாம் திறந்திருக்க வேண்டிய நேரம் இது. எண்ணெய்ப் படலத்தோடு வியர்த்தால் நாளத்தின் வாய் அடைபட்டு வேர்க்குரு கிளம்பும். காலை ஏழு மணிக்குள் தேய்த்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முழுக்கக் கழுவிவிடுங்கள். ஏற்கெனவே வேர்க்குரு இருந்தால் முதுகு, மார்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களை விட்டுவிட்டுத் தலைக்கும் காலுக்கும் மட்டும் வையுங்கள். குளித்த பிறகு "கொஞ்சம் மினுமினுப்புக்கு" என்று மறுபடி தடவுவதைச் சித்திரையில் செய்யவே வேண்டாம்.

ஆனி, ஆடியில் மழை பெரிதாக இல்லாமல் காற்று மட்டும் அடிக்கும். வானம் மூடியிருப்பதால் தோல் காய்வது தெரியாது. முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். அப்போது திரும்பவும் நல்லெண்ணெய்க்கு வரலாம், கீழ்க்காலுக்கும் முன்கைக்கும் தாராளமாகவும் மற்ற இடத்துக்குக் குறைவாகவும். ஐப்பசி மழையிலும் நல்லெண்ணெய்தான், ஆனால் மடிப்புகளில் படாமல். ஈரத் துணி காயாத காலத்தில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் எண்ணெய் தங்கினால் பூஞ்சைக்குத் தோது.

விளக்கெண்ணெய் தனியாக வேண்டாம். பசை போல நிற்கும், கழுவினாலும் லேசில் போகாது, தரையில் விழுந்தால் இருப்பதிலேயே மோசமாக வழுக்கும். மூட்டுக்கு வேண்டுமென்றால் நாலு பங்கு நல்லெண்ணெயில் ஒரு பங்கு கலந்து அந்த இடத்துக்கு மட்டும். கடுகெண்ணெய் வடநாட்டு வழக்கம். பழக்கமில்லாத தோலுக்கு எரிச்சல் தரும். ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைக்க வேண்டாம். தோலின் மேல்தடுப்பை அது பலவீனப்படுத்துவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அந்த வகையில் சூரியகாந்தி எண்ணெயே மேல்.

செக்கு எண்ணெய் வாங்கினா அடியில மண்டி மாதிரி நிக்குது. கலப்படமா?

பெரும்பாலும் இல்லை. எள்ளைச் செக்கில் ஆட்டும்போது எண்ணெய் பிரிவதற்காகக் கருப்பட்டியோ வெல்லமோ போடுவார்கள். அதன் துணுக்கும் எள்ளின் தூளும்தான் அந்த மண்டி. அதோடு தேய்த்தால் தோலில் பிசுபிசுப்பாக ஒட்டும், சிலருக்கு நமைச்சலும் வரும். இரண்டு மூன்று நாள் ஆடாமல் வைத்து மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுங்கள்.

பார்க்க வேண்டியது மண்டியை அல்ல, காறலை. மூடியைத் திறந்ததும் பழைய பலகாரத் தூக்கின் சிக்கு வாடை அடித்தால் அந்த எண்ணெய் கெட்டுவிட்டது. கெட்ட எண்ணெய் தோலை உறுத்தும். வெயில் படும் ஜன்னலோரம் பாதி காலியான பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்தால் சீக்கிரம் காறும். ஆகவே கால் லிட்டராக வாங்கி, நிழலில், கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று தீப எண்ணெயைத் தேய்க்காதீர்கள். அது எரிப்பதற்குச் செய்த கலவை. அதிலுள்ள வாசனைப் பொருளும் சாயமும் தோலில் பூசுவதற்கு என்று சேர்த்தவை அல்ல.

மிளகு, சீரகம் போட்டுக் காய்ச்சணுமா? எவ்வளவு சூடு?

மரபு அது, கட்டாயம் இல்லை. செய்வதானால் 50 மில்லி நல்லெண்ணெய்க்கு நாலைந்து மிளகு, கால் தேக்கரண்டி சீரகம். மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். முழு மிளகு சூட்டில் வெடித்து எண்ணெயை முகத்தில் தெறிக்கும். சீரகம் பொரிந்ததும் இறக்கி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் மிளகுத் தூள் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கும். குழந்தைக்கும், தோல் வெடித்தவர்களுக்கும் மிளகு சேர்த்தது வேண்டாம்.

குளிக்கும் நாளில் எண்ணெயை அடுப்பில் வைக்காதீர்கள். எண்ணெய் கொதிக்காது, ஆவி விடாது, எவ்வளவு சூடு என்று பார்வைக்குத் தெரியாது. தோலில் பட்டால் தண்ணீரைப் போல வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும். ஒரு குவளை வெந்நீரில் எண்ணெய்க் கிண்ணத்தை ஐந்து நிமிடம் வைத்தால் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடாகவும் இல்லாமல் குளிராகவும் இல்லாமல், விட்டதே தெரியாமல் இருந்தால் சரி.

அம்மாவுக்கு 68 வயசு. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. வெள்ளிக்கிழமை எண்ணெய் வெச்சே ஆகணும்ங்கறாங்க. பாத்ரூம்ல பளபளன்னு கிரானைட் போட்டிருக்கோம். எப்படிச் செய்யறது?

கிருஷ்ணகிரி பக்கத்தில் மிஞ்சிய கிரானைட் பலகைகள் சல்லிசாகக் கிடைப்பதால் குளியலறைக்கும் பாலிஷ் கல்லே போட்டுவிடுகிறார்கள். காய்ந்திருக்கும்போது அது வழுக்காது, அதனால் நம்பிவிடுகிறோம். எண்ணெய்க் காலும் தண்ணீரும் சேர்ந்தால் அதில் பிடிப்பே இருக்காது. உங்கள் அம்மாவுக்கான முறை ஒரே விதியில் அடங்கும்: உடம்பில் எண்ணெய் இருக்கும்வரை அவர் அந்தக் கல்லின் மேல் நின்றபடி எதையும் செய்யக் கூடாது.

எண்ணெய் தேய்ப்பது குளியலறையில் வேண்டாம், பக்கத்து அறையில். முந்தின நாளே பாதத்தைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரலிடுக்கில் புண் இருந்தாலும் வலி தெரியாமல் போகலாம். புண், கொப்புளம், குதிகால் வெடிப்பில் சிவப்பு எது இருந்தாலும் பாதத்துக்கு எண்ணெய் இல்லை. எண்ணெயின் சூட்டையும் அவர் பார்க்கக் கூடாது, நீங்கள் பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது தெரியாமலே கொப்புளித்துவிடும். காலையில் ஏதாவது லேசாகச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வெந்நீர்க் குளியல் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

கை வைத்த, நாலு காலிலும் ரப்பர் பூண் உள்ள நாற்காலியைப் போட்டு, அதன் கீழே கோணிச் சாக்கை நன்றாக விரித்துக்கொள்ளுங்கள். பழைய புடவையை விரித்தால் கல்லின் மேல் அதுவே நகரும், சாக்கு அவ்வளவு நகராது. உச்சந்தலையில் தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டியை உள்ளங்கையில் விட்டு அழுந்த வைத்து, விரல் நுனியால் நாலு பக்கமும் பரப்புங்கள். காதுக்கு வெளிமடலில் மட்டும். பிறகு கழுத்து, தோள். கையில் நீளமான எலும்பு இருக்கும் இடத்தில் மேலும் கீழுமாக நீளவாக்கில் இழுத்துத் தேய்ப்பதும், மூட்டில் வட்டமாகத் தேய்ப்பதும் முறை. வயிற்றில் கடிகாரம் சுற்றும் திசையில், அழுத்தாமல். முதுகுக்கு அவரைக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். பிறகு தொடை, முழங்கால், கீழ்க்கால். கெண்டைக்கால் தசை ஒரு காலில் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அங்கே கை வைக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், தேய்ப்பதால் அது நகரும். மொத்தம் பதினைந்து நிமிடம்.

பாதம் கடைசி. மேல்பாதத்துக்கு வையுங்கள், உள்ளங்காலுக்கும் வேண்டுமென்றால் வையுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். உடனே ஒரு கைப்பிடி கடலை மாவை உள்ளங்காலில் உலர்வாகத் தேய்த்து, காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு உருண்டு வரும். துடைத்த பாதத்தில் உங்கள் கட்டைவிரலை வைத்துத் தள்ளிப் பாருங்கள், வழுக்கினால் இன்னொரு முறை. செருப்புப் போட்டுக்கொண்டால் போதாதா என்றால், போதாது. உள்ளங்காலில் எண்ணெய் இருந்தால் கால் செருப்புக்குள்ளேயே நழுவும், திரும்பும்போது குதிகால் வெளியே போய்விடும்.

ஊறும் நேரம் இருபது நிமிடம். அந்த நேரத்தில் அவர் அடுப்படிக்குப் போக வேண்டாம். பிறகு, உள்ளே முன்கூட்டியே போட்டு வைத்த நாற்காலிக்கு நீங்கள் முழங்கைக்கு மேலே பிடித்தபடி அழைத்துப் போங்கள். எண்ணெய் முன்கையைப் பிடித்தால் பிடி நழுவும். குளியல் முழுக்க உட்கார்ந்தே. வெந்நீர் இதமாக இருந்தால் போதும். ரொம்பச் சூடானால் தோலின் இரத்தக் குழாய் விரிந்து, எழும்போது பிரஷர் சட்டென்று இறங்கும், கண் இருட்டும். தலையிலிருந்து கழுவிக்கொண்டே வந்தால் மேலிருந்த எண்ணெயெல்லாம் திரும்பவும் பாதத்துக்குத்தான் இறங்கியிருக்கும். ஆகவே எழும் முன் உள்ளங்காலை இரண்டாம் முறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவர் காலுக்கடியிலிருக்கும் தரையில் ஒரு மூடி பாத்திரம் துலக்கும் திரவத்தை விட்டு, நீங்கள் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, வெந்நீர் ஊற்றுங்கள். அதன் பிறகு காலடியில் காய்ந்த துண்டு விரித்து, இரண்டு நிமிடம் உட்காரவைத்து, அப்புறம்தான் எழ வேண்டும்.

கல்லை மாற்ற முடியுமானால், தீ காட்டிச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு கிரானைட் அதே பகுதியில் கிடைக்கும். டைல்ஸ் வாங்கினால் பெட்டியில் ஆர் 11 என்று குறித்திருப்பதைக் கேளுங்கள். அந்தத் தர எண் எண்ணெய் பூசிய சரிவில் பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டுக் கணக்கிடுவது, ஆகவே வெறுங்காலுக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் எண்ணெய்த் தரைக்கு ஒரு வழிகாட்டி.

அப்பா நாற்காலியில உட்கார்ந்து குளிச்சிட்டு வந்ததும் நான் உள்ள போனா வழுக்குது. ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தித்தான் கழுவுறோம்.

தண்ணீர் எண்ணெயை நகர்த்தும், அகற்றாது. ஊற்ற ஊற்ற, நாற்காலிக்கடியில் இருந்த எண்ணெய் வாசல் பக்கம் பரவியிருக்கும். அப்பா உட்கார்ந்தே குளித்ததால் தப்பித்தார், நிமிர்ந்து நடந்து வருகிறவர் நீங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் இரண்டாவதாகப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அரப்பும் சீயக்காயும் போட்ட வீட்டில் இன்னொன்று உண்டு. உசிலை இலைத் தூளான அரப்பு காய்ந்திருந்தால் எண்ணெயை இழுக்கும், நனைந்தால் தானே கொழகொழவென்று ஆகிவிடும். பச்சை நிறத்தில் தரையில் படிந்திருப்பதை "அரப்புதானே" என்று மிதித்தால் பாசியில் கால் வைத்த மாதிரிதான்.

முதலில் தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த மரத்தூளோ கடலை மாவோ பழைய செய்தித்தாளோ போட்டுத் திட்டாக இருக்கும் எண்ணெயை ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் விட்டால் குழாய் அடைக்கும். பிறகு துலக்கும் திரவத்தைத் தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் துடைப்பத்தால் மூலையிலிருந்து சாக்கடை நோக்கித் தேய்த்து வெந்நீர். தண்ணீர் ஒரே விரிப்பாக ஓடினால் எண்ணெய் போய்விட்டது. முத்து முத்தாக உருண்டு நின்றால் இன்னும் இருக்கிறது, இன்னொரு சுற்று.

உறிஞ்சும் குமிழ் வைத்த ரப்பர் மேட்டை எண்ணெய் இருக்கும் தரையில் போட்டால் குமிழ் பிடிக்காது, மேட்டோடு சேர்த்துச் சறுக்கும். குளிக்கும் முன், காய்ந்து சுத்தமாக இருக்கும் தரையில் அழுத்திப் போட வேண்டும். சுவரில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுவது பழக்கமானால் ஒருநாள் அது கையோடு வரும். ஆள் எடையைத் தாங்க அதைப் பொருத்தவில்லை. சுவரில் ஆழமாக போல்ட் போட்ட கைப்பிடி தனி. அதையும் வழவழ எவர்சில்வரில் எண்ணெய்க் கையால் பிடித்துப் பயனில்லை. தேங்காய் நார்க் கயிறை நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள், பார்க்க அழகாக இருக்காது, பிடி நிற்கும்.

போர் தண்ணியில சோப்பு போட்டா எண்ணெய் போகவே மாட்டேங்குது, உடம்பு ஒட்டுற மாதிரியே இருக்கு.

நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரிதிரியாகப் பிரியும். அதுதான் உடம்பில் ஒட்டுவது, தரையில் படிவதும் அதுதான். இன்னும் சோப்புப் போடுவதால் அது கூடும். அரப்பும் சீயக்காயும் இந்தத் தண்ணீரில் அப்படித் திரியாது. நுரை வராவிட்டாலும் வேலை செய்யும். ஒருவருக்கு உடம்புக்கு மூன்று மேசைக்கரண்டி பாசிப்பயறு மாவும் ஒரு மேசைக்கரண்டி அரப்பும் காய்ந்த நிலையில் முதலில் தேய்த்து, எண்ணெயை மாவு இழுத்த பிறகு தண்ணீர் விடுங்கள். முகத்துக்கு அரப்பு வேண்டாம், கண்ணில் பட்டால் நன்றாக எரியும். கடைசிச் செம்புக்காவது குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ இருந்தால் நல்லது.

எண்ணெய் தேய்ச்ச மறுநாள் முதுகெல்லாம் சின்னச் சின்னப் பருவா வருது. எண்ணெய் ஒத்துக்கலையா?

எப்போது வந்தது, எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தேய்த்துச் சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தடிப்புத் தடிப்பாக, கொசு கடித்த மாதிரி வீங்கி நமைத்தால் அது ஒவ்வாமை. எள்ளுக்கும் ஒவ்வாமை வருவதுண்டு. எள்ளுருண்டை தின்று உதடு நமைத்த அனுபவம் உள்ளவர் நல்லெண்ணெயைத் தொடவே வேண்டாம். முகம் வீங்கினால், தொண்டை அடைத்தால், மூச்சிரைத்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் சொல்வது போல மறுநாளோ மூன்றாம் நாளோ தோளிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாக, நமைச்சலோடு வந்தால் மயிர்க்கால் அடைபட்டு வீங்கியிருக்கிறது. தோலில் இயல்பாகவே வாழும் ஒரு வகை ஈஸ்ட், எண்ணெயிலுள்ள கொழுப்பைத் தின்று பெருகுவதும் இதற்கு ஒரு காரணம். தேமல் வருவதும், தலையில் பொடுகு கூடுவதும் அதே ஈஸ்ட்டால்தான். பொடுகுக்கு எண்ணெய் வைத்தால் செதில் படிந்து போனது போலத் தெரியும், உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்டவர்கள் முதுகை விட்டுவிட்டு, தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவைக்காமல் இருந்து பாருங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவர்.

ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை. அதன் மேல் தேய்த்த கையாலேயே மற்ற இடமும் தேய்த்தால் நீங்களே நடவு செய்கிற கணக்குதான். அது ஆறும்வரை எண்ணெய்க் குளியல் வேண்டாம், துண்டும் தனி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "கலவைக் களிம்பு" பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் நமைச்சல் அடங்கும், பிறகு முன்னைவிட அகலமாகப் படரும்.

புது எண்ணெயை எப்படிச் சோதிக்கறது?

முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் ஒரு சொட்டு, காலையும் மாலையும், ஒரே இடத்தில், ஏழு முதல் பத்து நாள். சிவப்போ நமைச்சலோ வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு இல்லை. ஒரே ஒரு நாள் தடவிப் பார்ப்பதில் உடனடி ஒவ்வாமை மட்டும்தான் தெரியும். மெதுவாக வரும் ஒவ்வாமை சில நாள் கழித்தே முகம் காட்டும்.

கைக்குழந்தைக்கு மூக்குலயும் காதுலயும் ரெண்டு சொட்டு விடலாமா? அத்தை விடணும்ங்கறாங்க.

விடக் கூடாது. அத்தை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மூக்கில் விட்ட எண்ணெய் குழந்தைக்கு இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே போன எண்ணெயை உடம்பால் எளிதில் வெளியேற்ற முடியாது, சளிக்காய்ச்சல் போலத் தொடங்கும் நிமோனியா வரும். வாயில் ஊற்றித் தொண்டையில் விரல் விட்டுச் "சளி எடுப்பதும்" இதே வழிதான். காதில் விட்டால் அழுக்கோடு ஊறிச் சீழ் பிடிக்க இடமாகும்.

உடம்புக்கு ஒரு தேக்கரண்டி போதும். கால் நீட்டிக் குழந்தையைப் போட்டுத் தேய்க்கும் பாட்டி, தேய்த்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. எண்ணெய்க் குழந்தை கெண்டை மீன் மாதிரி நழுவும். தரையோடு தரையாக உட்கார்ந்து, அங்கேயே குளிப்பாட்டி, துண்டில் சுற்றிய பிறகுதான் தூக்குவது.

எப்பெல்லாம் வைக்கவே கூடாது?

காய்ச்சல், சீழ்ப்புண், அம்மை, வயிறு மந்தமான நாள், மூட்டு புதிதாகச் சிவந்து சுடும்போது. எண்ணெய் தேய்த்த அன்று வெயிலில் அலைவதையும் பகல் தூக்கத்தையும் மரபு தடுக்கிறது. காரணம் எதுவானாலும், வெந்நீருக்குப் பிறகு தளர்ந்த உடம்பை வெயிலுக்கு அனுப்பாமல் இருப்பது நல்லதுதான்.

வழுக்கி விழுந்துட்டாங்க. எழுந்து நடக்கிறாங்க, இடுப்புல மட்டும் வலிங்கறாங்க. எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

நீவ வேண்டாம். அறுபது தாண்டியவர் பக்கவாட்டில் விழுந்திருந்தால் தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தாலும் ஓரிரு நாள் நொண்டிக்கொண்டு நடப்பார்கள். நீவுவதும் இழுத்துக் கட்டுவதும் அந்த விரிசலை முறிவாக்கிவிடும். வலி அரை இடுக்கில் இருந்தால், படுத்தபடி காலைத் தூக்க முடியாவிட்டால், அடிபட்ட கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் எழுப்பவே வேண்டாம். கிடந்த இடத்தில் போர்வை போர்த்தி 108-ஐக் கூப்பிடுங்கள். நடக்கிறவராக இருந்தாலும் அன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் மறுபடி போய்ச் சொல்லுங்கள். மெல்லிய விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவதுண்டு.

தலை அடிபட்டிருந்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் வீக்கம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைதான். போகும்போது அந்த மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். தூக்குகிறவர்கள் முதலில் தரையில் சாக்கையோ காய்ந்த துண்டையோ விரித்துவிட்டு உள்ளே கால் வையுங்கள். அவரை வீழ்த்திய எண்ணெய் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.